மின்வெட்டுக்குப் பின் திறக்காத கேம்

பிளேஸ்டேஷன் 4 ஓய்வு நிலையில் இருந்தபடி ஃபோர்ட்நைட்டின் புதிய அப்டேட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியில் கரண்ட் போகிறது. மின்சாரம் வந்தபின் கருவியை இயக்கினால், அது முறையாக அணைக்கப்படவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும். சேமிப்பகத்தைத் தானே சரிபார்த்துவிட்டு வழக்கம்போல் திறந்தும்விடும். ஆனால் கேமைத் தொட்டால், தரவு பழுதாகிவிட்டது என்று சொல்லி நின்றுவிடும்.

ஆன்லைன் கேம்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அவற்றுக்கு அடிக்கடி அப்டேட் வரும். ஒவ்வொரு முறையும் ஹார்டு டிஸ்க்கில் பெரிய கோப்புகள் மாற்றி எழுதப்படும். எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் இரண்டில் ஒன்று கெடலாம். ஒன்று கேமின் கோப்பு. மற்றொன்று, எந்தக் கேம் எங்கே இருக்கிறது என்று கருவி வைத்திருக்கும் டேட்டாபேஸ். கிடங்கில் மூட்டைகள் அப்படியே இருந்தும் இருப்புப் பதிவேடு கிழிந்துபோனால் சரக்கை எடுக்க முடியாதல்லவா? டேட்டாபேஸ் கெட்டாலும் அதே கதைதான்.

பதிவேட்டைப் புதிதாக எழுதும் வசதி சேஃப் மோடில் இருக்கிறது. கருவியை முழுதாக அணையுங்கள். பவர் பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் முதலில் ஒரு பீப் ஒலி, சுமார் 7 வினாடியில் இரண்டாவது ஒலி கேட்கும், அப்போது விடுங்கள். கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளால் இணைத்து பிஎஸ் பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ஐந்தாவதாக உள்ள Rebuild Database என்பதைத் தேர்ந்தெடுங்கள். கருவி டிஸ்க் முழுவதையும் படித்து, இருப்பதைப் புதிதாகப் பட்டியலிடும். டிஸ்க்கில் உள்ளதன் அளவைப் பொறுத்துச் சில நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். இடையில் அணைக்கக் கூடாது.

கேம்களையும் சேவ்களையும் அழிப்பது இதன் வேலை அல்ல. அதற்கு அடுத்த வரியிலுள்ள Initialize PS4 தான் எல்லாவற்றையும் துடைத்துவிடும். விரல் அங்கே தவறிப் போகக் கூடாது.

முடிந்தபின் ஐகானில் பூட்டுக் குறி தெரிந்தால் அது உரிமத்தின் சிக்கல். Settings, Account Management, Restore Licenses என்ற வழியில் போய் உரிமங்களை மீட்கலாம். மற்ற கேம்கள் ஓடி, அந்த ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் கெட்டது அதன் கோப்பு. பட்டியலை எத்தனை முறை எழுதினாலும் கோப்பு சரியாகாது. கேமை நீக்கி மறுபடி இறக்கவேண்டியதுதான். ஃபோர்ட்நைட் போன்றவற்றின் முன்னேற்றம் நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால் அது போகாது.

புதிய பட்டியல் எழுதும்போதே கருவி ஒவ்வொரு முறையும் உறைந்து நின்றால் டிஸ்க்கே தேய்ந்துவிட்டதாகச் சந்தேகிக்கலாம். அப்போது கருவி திறந்தால், முதல் வாய்ப்பிலேயே சேவ்களை யூஎஸ்பி டிரைவுக்கு நகலெடுத்துவிட்டு, டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.