கமிஷன் எதன் மேல், எப்போது?

ஆடி பிறந்ததும் கல்யாண மண்டபங்கள் ஓய்ந்துவிடும். ஆவணி முகூர்த்தங்களுக்கு யார் பந்தல், யார் சமையல், யார் போட்டோ என்று முடிவுசெய்ய ஈவன்ட் பிளானர்களுக்கு அப்போதுதான் மூச்சுவிட நேரம். போட்டோகிராபர்கள் 'உங்களோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறோம்' என்று மெயில் அனுப்ப ஏற்ற காலமும் அதுதான். ஆனால், அப்படிப்பட்ட பல மெயில்கள் ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை: பணம்.

மதுரையில் உள்ள ஒரு சிறிய ஸ்டுடியோவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம் மூன்றுக்கும் போட்டோ, வீடியோ, ஒரு ஆல்பம் சேர்த்து 1,50,000 ரூபாய் வாங்குகிறார்கள். பிளானர் மூலம் வரும் கல்யாணத்துக்கு 10 சதவீதம் கமிஷன் தரத் தயார். மெயிலில் வெறுமனே '10% கமிஷன்' என்று எழுதினால் முதல் கல்யாணம் முடிந்ததுமே வாக்குவாதம் வரும். பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும்போது வாடிக்கையாளர் கட்டுவது 1,77,000 ரூபாய். பிளானர் அதில் பத்துச் சதவீதமாக 17,700 ரூபாயை எதிர்பார்ப்பார். ஸ்டுடியோ மனதில் வைத்திருப்பதோ 15,000. வரி அரசுக்குப் போகும் பணம். அதன் மேல் கமிஷன் கொடுத்தால் அது ஸ்டுடியோவின் கையிலிருந்துதான் போகும்.

ஆகவே மெயிலில் இப்படி ஒரு பத்தி வேண்டும்: “ஜிஎஸ்டி, பயணம், தங்கும் செலவு நீங்கலாக உள்ள தொகையில் 10 சதவீதம். வாடிக்கையாளர் கடைசித் தவணை கட்டிய 7 நாட்களுக்குள் உங்கள் கணக்குக்கு அனுப்புவோம். குடும்பத்தார் பிறகு சேர்க்கும் டிரோன், கூடுதல் ஆல்பம் ஆகியவற்றுக்கும் இதே விகிதம். கல்யாணம் நின்றுபோனால், நாங்கள் திருப்பித் தராத முன்பணத்தில் மட்டும் 10 சதவீதம்.” நான்கே வாக்கியங்கள். நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி முதல் மெயிலிலேயே பேசுவது அபசகுனம் என்று சிலர் தயங்குவார்கள். ஆனால் 45,000 ரூபாய் முன்பணம் ஸ்டுடியோவிடம் நின்றுவிட்ட நாளில், பிளானருக்கு 4,500 ரூபாய் உண்டு என்பது எழுத்தில் இருந்தால் உறவு கெடாது.

வரிப் பிடித்தமும் உண்டு. ஸ்டுடியோ கம்பெனியாகவோ பங்குதாரர் நிறுவனமாகவோ இருந்து, ஒரு பிளானருக்கு ஒரு நிதியாண்டில் தரும் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். இரண்டு கல்யாணத்திலேயே கமிஷன் 30,000 ஆகிவிடும். பிடித்தம் 600 ரூபாய். இதை முன்பே சொல்லி பான் எண்ணையும் வாங்கிவைத்தால், 'ஏன் குறைகிறது' என்ற கேள்வி எழாது.

அடுத்தது ஆல்பம். முப்பது அழகான படங்களைப் பொறுக்கி அனுப்புவது எல்லாருக்கும் முடியும். அதை வைத்து அனுபவமுள்ள பிளானர் எதையும் முடிவுசெய்ய மாட்டார். அவருக்கு ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பு வேண்டும், பந்தக்கால் முதல் கட்டுச்சாதம் வரை. விடியற்காலை முகூர்த்தத்தில் ஹோமப் புகைக்கு நடுவே முகங்கள் தெளிவாக இருக்கின்றனவா? தாலி கட்டும் அந்தச் சில விநாடிகளில் சொந்தபந்தம் சூழ்ந்து நிற்கும்போது முடிச்சு விழும் படம் கிடைத்திருக்கிறதா? வரவேற்பு மேடையில் எல்இடி திரைக்கு முன் ஷட்டர் வேகம் ஒத்துவராவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், அது இருக்கிறதா? தொழில் தெரிந்த கண் இவற்றைத்தான் தேடும்.

இரண்டு தொகுப்புகள் போதும்: ஒன்று பெரிய மண்டபம், மற்றொன்று வெளிச்சம் குறைந்த கோயில் அல்லது வீட்டு வாசல் கல்யாணம். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. அதனால் கடவுச்சொல் போட்ட லிங்க்காக அனுப்புவதே வழி. அதற்கு முன் அந்தக் குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் நலங்குப் படங்களைக் கேட்காமல் பரப்புகிறவரிடம், தன் வாடிக்கையாளரை எந்தப் பிளானர் ஒப்படைப்பார்?

படங்களோடு ஒரு தேதியும் வேண்டும். ஆல்பம் தாமதமானால் பெண்ணின் அப்பா பெரும்பாலும் முதலில் போன் செய்வது பிளானருக்குத்தான். “தேர்ந்தெடுத்த படங்கள் 7 நாளில், வாடிக்கையாளர் படங்களைக் குறித்துக் கொடுத்த 45 நாளில் ஆல்பம்” என்ற வரி அந்தப் போனைத் தவிர்க்கும். ஆல்பம் அச்சிட வேண்டிய படங்களைக் குடும்பம் மாதக்கணக்கில் குறித்துத் தராமல் இருப்பது சாதாரணம். எனவே நாள் எங்கிருந்து எண்ணப்படும் என்பதே அந்த வரியில் முக்கியம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் விலை ஒன்றாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். நேரில் வந்தால் 1,50,000, பிளானர் மூலம் வந்தால் 1,65,000 என்று ஸ்டுடியோ சொன்னால், கமிஷனைக் கட்டுவது கல்யாண வீட்டார். ஒரே ஊரில் இது ஒருநாள் வெளியே தெரியும். பெயர் கெடுவது பிளானருக்கு. “யார் மூலம் வந்தாலும் ஒரே விலை, கமிஷன் எங்கள் வருமானத்திலிருந்து” என்று மெயிலில் எழுதி, விலைப் பட்டியலையும் உடன் இணைத்துவிட வேண்டும். ஒரு வருடம் கழித்து மணப்பெண்ணின் தங்கை நேரடியாக ஸ்டுடியோவுக்கு வந்தால் பிளானருக்குப் பங்கு உண்டா என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடலாம். 12 மாதங்களுக்குள் என்றால் பாதி விகிதம், அதாவது 5 சதவீதம், என்பது இரு தரப்பும் ஏற்கக்கூடிய கணக்கு.