குதிரைக்கு ஏன் மூலை எளிதில் எட்டுவதில்லை?

செஸ் பலகையை வெறுமையாக்கி, a1 என்ற மூலைக் கட்டத்தில் ஒரே ஒரு குதிரையை வையுங்கள். நிற்கும் கட்டத்திலிருந்து அது தாவக்கூடிய இடங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த இடத்துக்கு நகர்த்துங்கள். இப்படியே போனால் குதிரை மீண்டும் a1-க்கு வரச் சராசரியாக எத்தனை தாவல் ஆகும்? கட்டங்கள் 64 என்பதால் 64 என்று சொல்லத் தோன்றும். சரியான விடை 168.

கணக்கு எளிது. மூலையிலிருந்து குதிரைக்கு 2 வழிதான். நடுவிலுள்ள d4-இலிருந்து 8 வழி. 64 கட்டங்களின் வழிகளையும் கூட்டினால் 336 வரும். நீண்ட நேரம் ஓடவிட்டால், தாவல்களில் 336-க்கு 2 என்ற விகிதத்தில் குதிரை a1-இல் இருக்கும். அதாவது 168-க்கு ஒரு முறை. d4-க்கோ 42-க்கு ஒரு முறை.

ஏன் வழிகளின் எண்ணிக்கையே பங்கைத் தீர்மானிக்கிறது? ஒரு குதிரைக்குப் பதில் 336 குதிரைகளை நினைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு எத்தனை வழியோ அத்தனை குதிரைகள். எல்லாம் ஒரே நேரத்தில் சீட்டெடுத்துத் தாவுகின்றன. d4-இல் 8 குதிரை, 8 வழி. ஆகவே வழிக்குச் சராசரியாக ஒன்று வெளியேறும். மூலையில் 2 குதிரை, 2 வழி. அங்கும் வழிக்கு ஒன்றுதான். போகும் வழிதான் வரும் வழியும் என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் வழிக்கு ஒன்றாக உள்ளே வருகிறது. போனதும் வந்ததும் சமம். கூட்டம் அப்படியே நிற்கிறது.

வேறொரு பங்கீடும் இப்படி நிலைக்குமா என்று கேட்கலாம். நிலைக்காது. அப்படி ஒன்று இருப்பதாக வைத்து, ‘வழிக்கு எத்தனை குதிரை’ என்ற அளவு மிக அதிகமான கட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். அந்தக் கட்டத்தின் அளவு மாறாதிருக்க, அதன் அண்டைக் கட்டங்களின் சராசரி அதற்குச் சமமாக வேண்டும். அவற்றில் எதுவும் அதைவிடப் பெரிதல்ல. எனவே எல்லாமே அதே அளவுதான். அந்த அண்டைகளின் அண்டைகளுக்கும் இதே வாதம். குதிரையால் பலகையில் எங்கும் போக முடியும் என்பதால், கடைசியில் 64 கட்டங்களிலும் ஒரே அளவுதான் மிஞ்சும்.

‘எங்கும் போக முடியும்’ என்பதை நீக்கினால் வாதம் உடைந்துவிடும். கறுப்புக் கட்டத்தில் தொடங்கிய பிஷப் வெள்ளைக்கு வரவே வராது. போன வழியே திரும்ப முடியாவிட்டாலும் அதே கதி: முன்னே மட்டும் நகரும் சிப்பாய்க்கு இந்த விகிதம் பொருந்தாது.

குதிரையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு தாவலிலும் அது நிறம் மாறுகிறது. a1-இல் தொடங்கிய குதிரை, 1001-ஆவது தாவலில் a1-இல் இருக்க வாய்ப்பே இல்லை. 1000-ஆவதிலோ, ஏறக்குறைய 84-க்கு ஒன்று. குறிப்பிட்ட ஒரு தாவலுக்கான வாய்ப்பு இப்படிக் கடைசிவரை மாறிமாறி ஊசலாடும். 168-க்கு ஒன்று என்பது இரண்டின் சராசரி. நீண்ட ஓட்டத்தில் வருகைகளை எண்ணினால்தான் அது தெரியும்.