உரிமத்தொகைக் கணக்குக் குறிப்பு

உரிமத்தொகைக் கணக்குக் குறிப்பு (ராயல்டி குறிப்பு) என்பது, விற்ற பிரதிகளுக்காக எழுத்தாளருக்குச் சேர வேண்டிய தொகையையும் அதில் கழிக்கப்பட்டதையும் தெரிவித்துப் பதிப்பகம் அனுப்பும் சிறு கடிதம் ஆகும். பல குறிப்புகள் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன.

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் வசிக்கும் ஓர் எழுத்தாளருக்கு 2026 சனவரியில் இப்படி ஒரு குறிப்பு வருவதாகக் கொள்வோம்: "தங்கள் ராயல்டி ரூ. 28,000-இல் விதிப்படியான பிடித்தம் ரூ. 7,600 போக ரூ. 20,400 வங்கியில் செலுத்தப்பட்டது." வரி 10 விழுக்காடுதானே, 2,800-க்கு மேல் ஏன் போயிற்று என்று அவர் கேட்பார். கணக்கில் பிழையில்லை, குறிப்பில்தான் குறை.

பிடித்தத்தில் வரி ரூ. 5,800. வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 194ஜே-இன்படி, 2025–26 நிதியாண்டில் ஒருவருக்குத் தரும் உரிமத்தொகை ரூ. 50,000-ஐத் தாண்டினால் பதிப்பகம் 10 விழுக்காடு மூல வரி (டிடிஎஸ்) பிடிக்க வேண்டியிருந்தது. 2025 சூலையில் அவருக்கு ரூ. 30,000 பிடித்தமின்றி வந்தது. சனவரித் தொகையைச் சேர்த்தால் ரூ. 58,000. வரம்பைத் தாண்டியதும் மொத்தத்துக்கும் வரி உண்டு. தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல. ஆகவே சூலைத் தொகைக்கான வரியும் இந்தத் தவணையிலேயே விழுந்தது. மீதி ரூ. 1,800, அவர் தமக்காக வாங்கிய ஆறு பிரதிகளின் விலை. இது வரியன்று, கடன் தீர்ப்பு. அதனால் வரிக்குப் பின்னரே கழிக்க வேண்டும், தனி வரியில் எழுத வேண்டும். இரண்டையும் "பிடித்தம்" என்ற ஒரே சொல்லில் அடக்கியதே குழப்பத்தின் வேர்.

திருத்திய குறிப்பு:

"2025 சூலை–திசம்பரில் 730 பிரதிகள் விற்றன, 30 திரும்பி வந்தன. மீதி 700 பிரதிகளுக்கு, விலை ரூ. 400-இல் 10 விழுக்காடான ரூ. 40 வீதம், தங்கள் உரிமத்தொகை ரூ. 28,000.
சூலையில் தந்த ரூ. 30,000-ஐயும் சேர்த்து இந்த நிதியாண்டில் ரூ. 58,000 ஆவதால், முழுத் தொகைக்கும் 10 விழுக்காடு மூல வரி: ரூ. 5,800. சூலையில் வரி பிடிக்கவில்லை.
தாங்கள் வாங்கிய 6 பிரதிகள், கழிவு போக ரூ. 300 வீதம்: ரூ. 1,800.
வங்கியில் செலுத்தியது: 28,000 − 5,800 − 1,800 = ரூ. 20,400."

திரும்பிய பிரதிகளை ரூபாயில் கழிக்காமல் எண்ணிக்கையிலேயே கழித்திருப்பதைக் கவனிக்க. ரூபாயில் காட்டினால் அதுவும் அபராதம் போலத் தோன்றும்.

எழுத்தாளர் பான் எண் தராதிருந்தால் விகிதம் 20 விழுக்காடு, வரி ரூ. 11,600 ஆகியிருக்கும். பிடித்த வரி அவர் பான் எண்ணில் சேர்ந்ததா என்பதை வருமான வரித் தளத்தின் படிவம் 26ஏஎஸ்-இல் பார்க்கலாம். அங்கே ரூ. 5,800 இருக்க வேண்டும், ரூ. 7,600 அல்ல.