ரெண்டு இண்டிகேட்டர், ஒரே சாட்சி

கேள்வி: ஸ்டோகாஸ்டிக், வில்லியம்ஸ் %R ரெண்டுமே ஓவர்சோல்டு காட்டுது. அப்போ சிக்னல் இன்னும் உறுதின்னு எடுத்துக்கலாமா?

இல்லைங்க. நானும் அப்படி நம்பி, 50 ஷேர் வாங்குற இடத்துல 100 வாங்கி மாட்டியிருக்கேன். அப்புறம்தான் ஃபார்முலாவையே எழுதிப் பார்த்தேன். ஒரு ஷேரோட 14 நாள் உச்சம் 520, அடி 480, இன்னைக்கு குளோசிங் 488ன்னு வச்சுக்கோங்க.

```
%K = (488 - 480) / (520 - 480) × 100 = 20
%R = (520 - 488) / (520 - 480) × -100 = -80
```

முதலாவது, விலை அடியிலிருந்து எவ்வளவு மேலே இருக்குன்னு அளக்குது. ரெண்டாவது, உச்சத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்குன்னு அளக்குது. %K-லிருந்து 100 கழிச்சா %R. எந்த விலையைப் போட்டாலும் இதேதான். ஓவர்சோல்டு கோடுகளான 20, -80 கூட ஒரே இடம்தான். உங்க சார்ட்ல வளைவுகள் வேற மாதிரி தெரிஞ்சா, ஸ்டோகாஸ்டிக்கை 3 நாள் சராசரியா மாத்தியிருப்பாங்க, இல்லன்னா நாள் கணக்கு வேறயா இருக்கும்.

கேள்வி: சரி, ஆர்எஸ்ஐ சேர்த்தா?

அதோட ஃபார்முலா வேற. ஏற்றங்களோட மொத்தத்தையும் இறக்கங்களோட மொத்தத்தையும் அதே நாள் கணக்கால வகுத்து, சராசரி ஏற்றத்தை சராசரி இறக்கத்தோட ஒப்பிடுது. ஆனா தீனி அதே குளோசிங் விலைதான். அதனால தொடர்ந்து சரியுற ஷேர்ல ரெண்டுமே பல நாள் ஓவர்சோல்டிலேயே கிடக்கும். ரெண்டும் சேர்ந்தே தப்பு பண்ணும். நான் மாட்டினதும் அப்படி ஒரு ஷேர்லதான்.

கேள்வி: அப்போ நீங்க எதைப் பார்க்கிறீங்க?

ஒரு ஆஸிலேட்டர், கூட வால்யூம். இந்த மூணு ஃபார்முலாவிலும் வால்யூம் கிடையாது. அதுவும் முழுக்கத் தனி சாட்சி இல்லை, பெரிய சரிவு நாள்ல வால்யூமும் எகிறும். அதனால ரெண்டும் ஒத்துப்போனாலும் இப்போ 50 ஷேர்தான்.