எட்டு சதவீதம் என்று காட்டியது மென்பொருள்

எட்டு சதவீதம் என்று அறிக்கை வந்துவிட்டால் மாணவர் நிம்மதியாகிவிடுகிறார். பத்துக்குள் இருந்தால் தப்பு இல்லை என்பது கல்லூரி வட்டாரத்தில் நிலைத்துவிட்ட நம்பிக்கை. இதற்கு ஒரு மூலம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறை, ஆய்வேடுகளில் 10 சதவீதம் வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60க்கு மேல் என்று படிப்படியாக நடவடிக்கை கூடுகிறது. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போனால் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. எப்போது தண்டிப்பது என்பதற்காக வகுத்த எல்லை இது. ஒரு கட்டுரை நேர்மையாக எழுதப்பட்டதா என்பதை இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கட்டுரையைப் பார்ப்போம். முதுகலைப் பொருளியல் மாணவர் ஒருவர் 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றித் தமிழில் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார். மென்பொருள் தந்த எண் எட்டு. படித்துப் பார்த்தால் சரளமாகவும் இருக்கிறது. இனி அதை அச்செடுத்து, கையில் பேனாவோடு உட்கார வேண்டும்.

முதல் வேலை அலுப்பானது, ஆனால் சுலபமானது. கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் வரும் ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் வட்டமிட்டு, கடைசியில் உள்ள துணைநூற்பட்டியலில் அதற்கான பதிவைத் தேடி ‘டிக்’ போட வேண்டும். முடிந்ததும் எதிர்த்திசையிலும் பார்க்க வேண்டும்: பட்டியலில் இருந்தும் கட்டுரைக்குள் எங்கும் வராத நூல் எது? அப்படி மிஞ்சும் நூல்கள் பெரும்பாலும் பட்டியலைக் கனமாக்கிக் காட்ட வந்தவை. உள்ளே வந்து பட்டியலில் இல்லாதவையோ வேறொருவர் கட்டுரையிலிருந்து அப்படியே பெயர்ந்து வந்தவையாக இருக்கலாம்.

நம் மாணவரின் கட்டுரையில் “சென் (1981)” என்று ஒன்பது இடங்களில் வருகிறது. பட்டியலிலும் சென் இருக்கிறார். டிக் போட்டுவிட்டு நகரலாமா? அமர்த்தியா சென்னின் புகழ்பெற்ற ‘பாவர்ட்டி அண்ட் ஃபேமின்ஸ்’ நூல் வந்தது 1981இல். அதே ஆண்டு ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ இதழில் பஞ்ச ஆய்வு பற்றி அவர் எழுதிய கட்டுரையும் வந்தது. மாணவர் இரண்டையும் பயன்படுத்தியிருந்தால் 1981அ, 1981ஆ என்று பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். காட்டாததால், பக்க எண் 440 என்று ஓரிடத்தில் பார்த்ததும் குழப்பம் வருகிறது. அந்த நூல் அவ்வளவு பெரியதல்ல. அது இதழ்க் கட்டுரையின் பக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பஞ்சத்தைப் பற்றி மதுஸ்ரீ முகர்ஜி 2010இலும் ஜனம் முகர்ஜி 2015இலும் தனித்தனி நூல்கள் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருவர் பெயருக்கும் எழுத்துக்கூட்டல் வேறு, அதனால் அங்கே குழப்பமில்லை. தமிழில் இருவரும் முகர்ஜிதான். ஆண்டு ஒன்று தவறிப்போனாலும் ஒருவர் சொன்னது இன்னொருவர் தலையில் ஏறிவிடும். நம் கட்டுரையில் “முகர்ஜி 2011” என்று ஓரிடத்தில் இருக்கிறது. இருவரில் யார்? முன்னெழுத்தையும் சேர்த்து ம. முகர்ஜி, ஜ. முகர்ஜி என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்தது. எந்தப் பாணியைப் பின்பற்றுகிறோம் என்பதைவிட, தொடங்கிய பாணியிலேயே முடிப்பதுதான் முக்கியம். ஓரிடத்தில் அடைப்புக்குறி, ஓரிடத்தில் அடிக்குறிப்பு, ஓரிடத்தில் சதுர அடைப்புக்குள் எண் என்று மாறிமாறி வந்தால் அழகு கெடுவது மட்டுமல்ல, அந்தப் பத்திகள் வெவ்வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்ற சந்தேகமும் எழும்.

இதே சந்தேகத்தை ஊர்ப்பெயர்களும் கிளப்பும். மூன்றாம் பக்கத்தில் ‘மேதினிபூர்’, ஆறாம் பக்கத்தில் ‘மிட்னாபூர்’. முதலில் ‘வங்கம்’, நடுவில் ‘வங்காளம்’, ஒரே ஒரு பத்தியில் மட்டும் ‘பெங்கால்’. ஒருவர் தன் கையால் எழுதும்போது இவ்வளவு மாற்றம் வராது. ஒட்டுப்போட்ட இடத்தில்தான் தையல் தெரியும். அந்தப் பத்திகளை முதலில் சோதித்தால் நேரம் மிச்சம்.

அடுத்து வருவது சொந்த நடையில் எழுதுதல். ஒரு பாடநூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“1942 அக்டோபரில் வீசிய புயல் மேதினிபூரின் நெற்பயிரை அழித்தது, பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் அரிசி இறக்குமதி நின்றது, ஆனாலும் கிராமத் தொழிலாளிகளைப் பட்டினிக்குத் தள்ளியது விளைச்சல் குறைவைவிட, கூலிக்கும் அரிசி விலைக்கும் இடையே விழுந்த பள்ளமே.”

மாணவர் எழுதியது:

“1942ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அடித்த சூறாவளி மிட்னாபூரின் நெல் சாகுபடியை நாசமாக்கியது, பர்மா ஜப்பான் வசமானதால் அரிசி வரத்து தடைபட்டது, இருப்பினும் கிராமப்புற உழைப்பாளர்களைப் பசிக்கு ஆளாக்கியது மகசூல் குறைவைக் காட்டிலும், ஊதியத்துக்கும் அரிசி விலைக்கும் நடுவே உண்டான இடைவெளியே.”

ஏறக்குறைய எல்லாச் சொல்லும் மாறியிருக்கிறது. மென்பொருளும் இதைப் பிடிக்கவில்லை. தமிழில் ஒரு பொருளுக்குப் பல சொல் இருப்பதும், வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து சொல்லின் உருவமே மாறிவிடுவதும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இயந்திரத்துக்குப் பெரிய தொல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று துண்டு, அதே வரிசை. காற்புள்ளிகூட அதே இடத்தில் விழுகிறது. அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹவர்ட் இந்த வகை எழுத்தை ‘பேட்ச்ரைட்டிங்’ என்றார். இதில் பெரும்பகுதி திருடும் நோக்கத்தில் வருவதில்லை, புதிய துறையின் மொழி இன்னும் பிடிபடாத மாணவர் தடுமாறும் கட்டம் இது என்பது அவர் வாதம். வகுப்பறையைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனாலும் இப்படியே விட முடியாது. வாக்கியத்தின் முடிவில் ஆதாரம் காட்டினாலும், நடை இன்னொருவருடையது என்பதை அது சொல்வதில்லை.

இதைச் சரிசெய்ய நூலை மூடிவிட்டு எழுத வேண்டும். இந்தச் செய்தி என் வாதத்துக்கு எதற்குத் தேவை என்று கேட்டுக்கொண்டால் வாக்கியம் தானாக வேறு இடத்திலிருந்து தொடங்கும்:

“கூலி வாங்கிப் பிழைத்தவர் கையில் அரிசி வாங்கக் காசு போதவில்லை. பஞ்சத்தை விளக்க இந்நூல் முன்வைப்பது இதைத்தான். மேதினிபூர்ப் புயலும் பர்மா அரிசி நின்றதும் அதன் கணக்கில் இரண்டாம்பட்சம் (ப. 112).”

எழுதிய பிறகு நூலைத் திறந்து ஒப்பிட வேண்டும். நூல் சொல்லாத எதையாவது நாம் நுழைத்துவிட்டோமா? “புயலால் விலை ஏறியது” என்று சேர்த்திருந்தால் அது நம் ஊகம். அதை நம் பெயரில்தான் எழுத வேண்டும்.

சொல்லை மாற்றும் பயத்தில் மாற்றக்கூடாததையும் மாற்றிவிடுவார்கள். சென் கோட்பாட்டின் மையமான ‘பரிவர்த்தனை உரிமை’ நம் கட்டுரையில் ‘மாற்றுச் சலுகை’ ஆகியிருக்கிறது. கலைச்சொல்லை அப்படியே எழுதுவது திருட்டு ஆகாது. இப்படி மாற்றினால்தான் பொருள் போகும்.

பொருள் திரிவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமான பிழை. கட்டுரையில் ஒரு வாக்கியம்: “1943இல் வங்கத்தில் உணவுப் பற்றாக்குறையே இல்லை (சென் 1981).” ஆதாரம் சரியாகக் காட்டப்பட்டிருக்கிறது, நடை மாணவருடையது, மென்பொருளுக்கும் புகார் இல்லை. ஆனால் சென் அப்படிச் சொல்லவில்லை. 1943இல் கிடைத்த உணவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம் குறைவு, பஞ்சம் வராத 1941ஐவிட 13 சதவீதம் அதிகம் என்பது அவர் கணக்கு. குறைவு இருந்தது, அவ்வளவு சாவை விளக்கும் அளவுக்கு இல்லை என்றே அவர் வாதிடுகிறார். ‘இல்லை’ என்பதற்கும் ‘போதுமான காரணம் இல்லை’ என்பதற்கும் நடுவில் அவருடைய முழுப் புத்தகமும் இருக்கிறது.

இதைவிட வேடிக்கை ஐந்தாம் பக்கத்தில். “இப்பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்தனர் (பஞ்ச விசாரணைக் குழு, 1945).” அந்தக் குழு சொன்னது சுமார் 15 லட்சம். 30 லட்சம் என்பது சென் பின்னால் போட்ட மதிப்பீடு. மாணவர் குழு அறிக்கையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். சென் நூலில் இரண்டு எண்ணும் வருவதால் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் காட்டுவது பழைய வழக்கம்தான். சிம்கின், ராய்சௌதுரி என்ற இரு ஆய்வாளர்கள், மேற்கோள் விவரத்தில் விழுந்த அச்சுப்பிழைகள் கட்டுரைக்குக் கட்டுரை அப்படியே நகலாவதைக் கணக்கிட்டு, மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று மதிப்பிட்டார்கள். தெரிந்தது சென் வழியாகத்தான் என்றால் “குழு அறிக்கை, 1945, சென் 1981அ நூலில் காட்டியபடி” என்று எழுதுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

தெரியாமல் நேரும் திருட்டு பெரும்பாலும் பத்தியின் விளிம்பில்தான் நடக்கிறது. ஆறு வாக்கியம், கடைசியில் ஓர் அடைப்புக்குறி. முதல் ஐந்தும் யாருடையவை? எழுதியவருக்கு எல்லாமே சென் சொன்னதுதான் என்று தெரியும். படிப்பவருக்கு ஆறாவது மட்டும்தான் சென், மற்றவை மாணவரின் சிந்தனை. தொடக்கத்திலேயே “சென் கணக்குப்படி” என்று போட்டு, அவர் முடிந்து நாம் பேசத் தொடங்கும் இடத்தில் “ஆனால் இதில் ஒரு கேள்வி” என்பதுபோல ஒரு வேலி வைத்தால் போதும். இந்தக் கோளாறின் வேர் குறிப்பேட்டில் இருக்கிறது. நூலகத்தில் வரிக்கு வரி எழுதிக்கொண்டு மேற்கோள் குறி போடாமல் விட்டால், ஒரு மாதம் கழித்து அது நம் சொந்த வாக்கியம் போலவே தெரியும். குறிப்பெடுக்கும்போதே நூலின் சொல்லை ஒரு மையிலும் நம் சொல்லை வேறு மையிலும் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மென்பொருளின் எண்ணுக்கு மீண்டும் வந்தால், அந்த எட்டு சதவீதத்தில் பெரும்பகுதி நூற்பட்டியலும், மேற்கோள் குறிக்குள் முறையாக எடுத்தாண்ட இரண்டு பத்திகளும். அதாவது மாணவர் ஒழுங்காகச் செய்த இடங்கள். மேலே பார்த்த பிழை ஒன்றுகூட அந்த எட்டில் இல்லை. ஆங்கில நூலிலிருந்து வரிக்கு வரி தமிழாக்கிய பத்தி இருந்தாலும் அதுவும் பெரும்பாலும் அதில் அகப்படாது. 25 சதவீதம் காட்டும் கட்டுரை சுத்தமாக இருக்கலாம். அறிக்கையில் நிறம் விழுந்த இடத்தைத் திறந்து, அது மேற்கோளா, பெயர்ப்பட்டியலா, உண்மையிலேயே எடுத்த வாக்கியமா என்று பார்க்காமல் முன்பக்க எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது இரண்டு பக்கமும் அநியாயம்.

நாற்பது கட்டுரை குவிந்திருக்கும் மேசையில் இத்தனையையும் செய்ய ஆசிரியருக்கு நேரம் ஏது? எல்லா ஆதாரத்தையும் தேட வேண்டியதில்லை. ஒரு கட்டுரைக்கு மூன்று போதும்: ஓர் எண், ஒரு வாதம், பட்டியலிலேயே பழைய நூல் ஒன்று. மாணவரைக் கூப்பிட்டு, “தம்பி, இந்த மூன்று பக்கத்தையும் எடுத்துக் காட்டு” என்று கேட்டால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். எடுத்துக் காட்டுபவரிடம் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளச் சொல்லலாம். பழைய நூலைக் காட்ட முடியாமல் விழிப்பவரிடம் பட்டியல் முழுவதையும் வரிக்கு வரி பார்க்க வேண்டியிருக்கும்.