தலைமுழுகிய வீட்டிலிருந்து வந்த சேதி

காலை டீ நேரத்தில்தான் அவள் அதைச் சொன்னாள். "எங்கப்பா தவறிட்டாராம்." தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ பஸ் லேட்டாமே என்பது போலச் சொன்னாள். அந்த "ஆம்" என் காதில் தங்கிவிட்டது. பெற்ற அப்பாவின் சாவைப் பக்கத்து ஊர்ச் செய்தி போலத்தான் அவளால் சொல்ல முடிந்தது. அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சித்தி மகன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் படத்தை அனுப்பியிருந்தான். மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று பதினான்கு பெயர்கள் அதில் இருந்தன. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு பெயராகப் பார்த்திருக்கிறாள். அவள் பெயர் இல்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். அன்றைக்கே அவள் அப்பா கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "எம்மக செத்துட்டா" என்று சொல்லிவிட்டார். தலைமுழுகுதல் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது வெறும் பேச்சு வழக்கு இல்லை. சாவுத் தீட்டுக்குக் குளிப்பது போல, உயிரோடு இருக்கும் ஒருவருக்காகக் குளித்துவிடுவது. அப்படி ஒருமுறை துக்கம் முடித்துவிட்ட வீட்டில் நிஜமான சாவு விழுந்தால், வெளியே தள்ளப்பட்டவரிடம் எப்படித் துக்கம் விசாரிப்பது? அன்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஒருவர், "அடடா, உடனே கிளம்பும்மா. என்ன இருந்தாலும் பெத்தவரு. இப்பக்கூடப் போகலன்னா எப்படி?" என்றார். இன்னொருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மனுஷன் உனக்கு என்ன செஞ்சாரு? விட்டுத் தள்ளு" என்றாள். இரண்டுமே அன்பில் வந்த பேச்சுதான். முதலாவதைக் கேட்டதும் அவள் முகம் இறுகிவிட்டது. இரண்டாவதற்கு, "அப்படியெல்லாம் இல்ல, எங்களைப் படிக்க வெச்சவரு அவருதான்" என்று அப்பாவுக்காகப் பேச ஆரம்பித்தாள். இறந்தவரைப் புகழ்ந்தால், பட்ட வலியோடு அவர் தனியாக நிற்க வேண்டியிருக்கும். இறந்தவரைத் திட்டினால், நமக்கு எதிராக அவருக்கு வக்காலத்து வாங்க வேண்டியிருக்கும். இரண்டிலும் தனக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு இடமே கிடைப்பதில்லை.

நான் செய்தது இவை இரண்டையும் விட மோசம். "வெளிய காட்டலன்னாலும் மனசுக்குள்ள உம்மேல பாசம் இருந்திருக்கும்" என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்து, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். பதில் இல்லை. துக்க வீடுகளில் இந்த மாதிரி இட்டுக்கட்டுகிற ஆறுதல் நிறைய உண்டு. "கடைசியில ஒன் பேரத்தான் சொன்னாரு", "கண்ணு வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்பார்கள். பிரிந்து போனவரை இது ஆற்றுவதில்லை. அவர் காத்திருந்தார், நான் போகவில்லை என்ற குற்றக்கணக்கில் இன்னொரு வரி சேர்கிறது, அவ்வளவுதான். அப்படி ஒன்று உண்மையிலேயே நடந்து, நம் காதாலேயே கேட்டிருந்தால்கூட, அவராகக் கேட்கிற வரை காத்திருந்து, கேட்ட வார்த்தையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் முறை.

அன்று சரியாகப் பேசியது எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மா. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, "சேதி எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?" என்றார். அவள் போஸ்டரைக் காட்டினாள். "என்ன சீக்காம்?" தெரியாது என்றாள். "கடைசியா எப்பப் பாத்தே?" அதற்கு மட்டும் அவள் நீளமாகப் பதில் சொன்னாள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில். சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு வரிசை தள்ளி. அவர் பார்த்தார், இவளும் பார்த்தாள். அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த அம்மாவின் மூன்று கேள்வியிலும் அவளுக்கு என்ன தோன்ற வேண்டும் என்ற உத்தரவு இல்லை. நடந்ததை மட்டும் கேட்டார். நமது துக்க விசாரிப்பு வாக்கியங்கள் எல்லாவற்றிலும் ஓர் உணர்ச்சி முன்கூட்டியே பொதிந்திருக்கிறது. "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றால் கேட்பவர் இழந்தவராக இருந்தாக வேண்டும். "மனச தேத்திக்கோ" என்றால் மனசு உடைந்திருக்க வேண்டும். அழுகை, கோபம், ஒருவித விடுதலை, ஒன்றுமே தோன்றாத மரத்த நிலை எல்லாம் ஒரே நாளில் மாறி மாறி வருகிறவரிடம் இந்த வாக்கியங்களைச் சொன்னால், அவர் நமக்காக நடிக்க வேண்டியதாகிவிடும்.

பழைய வழக்கத்தில் இதற்கு இடம் இருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒப்பாரியை வெறும் புகழ்மாலை என்று நினைக்கிறோம். பிறந்த வீட்டுச் சாவுக்கு வந்து மாரடித்து அழுத பெண்கள், அண்ணன் சீர் செய்யாததையும், அப்பன் தன்னைக் கொடுத்த இடத்தின் கொடுமையையும் சேர்த்துத்தான் பாடினார்கள். இசபெல் கிளார்க்-டெசெஸ் என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டு ஒப்பாரியை ஆராய்ந்து 2005இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளில் அமைந்தது. பாசமும் குறையும் ஒரே மூச்சில் வரலாம், அதையும் ஊரே உட்கார்ந்து கேட்கும். ஆனால் அந்த இடமும் பந்தலுக்குள் வந்தவருக்குத்தான். பந்தலுக்கே வர முடியாதவளுக்கு எது?

இந்த நிலையைத்தான் அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா, உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்ற பொருள்பட ஒரு பெயரிட்டு 1989இல் புத்தகம் கொண்டுவந்தார். இழப்பு நடந்திருக்கும். ஆனால் நீ துக்கப்பட வேண்டியவர்தான் என்று சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லீவு கேட்டால், "பேசுறதே இல்லன்னு சொன்னீங்களே?" என்பார்கள். அக்கம்பக்கத்துக்கு அப்படி ஒரு அப்பா இருந்ததே தெரியாது. துட்டி கேட்க ஒருவரும் வரமாட்டார்கள்.

போவதா வேண்டாமா என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது. ஆணவக் கொலை நடக்கிற நாடு இது. பத்தொன்பது வருடம் கழித்துப் பந்தலில் கால் வைத்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். பெருக்குகிற அம்மா, "போகோணும்னு தோணுதா?" என்று கேட்டார். "தெரியலக்கா." "போறதுன்னா தனியாப் போகாத. நான் வாரேன். போகலன்னாலும் சரி." எந்தப் பக்கமும் தள்ளாமல், எந்தப் பக்கம் போனாலும் துணைக்கு நின்ற பேச்சு அது. அவள் போகவில்லை. மத்தியானம் கிளம்பும்போது மெல்ல ஒன்று கேட்டாள். "நான் தலைக்குக் குளிக்கணுமாக்கா?"

"குளிக்கத் தோணுச்சுன்னா குளி கண்ணு. யாருக்குக் கணக்குச் சொல்லோணும்?"

அன்று ராத்திரி நான் சாதமும் ரசமும் தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, சோறு வெளியே இருந்து வரும். அவள் வீட்டுக்கு அப்படிக் கொண்டுபோக யாரும் இல்லை. தலை ஈரமாக இருந்தது. தூக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க வீடும் துக்க வீடுதானா?" என்றாள். "ஆமா" என்றேன். காலையில் நான் உளறியதற்கெல்லாம் அந்த ஒரு வார்த்தை போதும் என்று தோன்றியது. அவள் அப்போதும் அழவில்லை. நான்கு நாள் கழித்து, பஸ்ஸில் பக்கத்து ஆள் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தபோது அந்த நெடியில் அழுதிருக்கிறாள்.

குற்ற உணர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது. முதல் வாரத்தில் எல்லோரும் விசாரிக்கிறோம். ஆனால் இப்படிப்பட்டவர்கள் வாய் திறப்பது பெரும்பாலும் கூட்டம் ஓய்ந்த பிறகு. பதினாறாம் நாள் ஊரில் கருமாதி. அன்று வேண்டுமென்றே அவள் வீட்டுக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஒரு தடவ போன் பண்ணியிருக்கலாம்" என்றாள். "அதெல்லாம் ஒன்னும் ஒந்தப்பு இல்ல" என்பது நாக்கு நுனி வரை வந்தது. அப்படிச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும், பாரம் மட்டும் அவளிடமே இருக்கும். அதனால், "அப்போ ஏன் பண்ணல?" என்று கேட்டேன். குற்றம் சாட்டுகிற தொனி வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டுதான் கேட்டேன்.

அவள் யோசித்தாள். மூத்தவன் பிறந்தபோது போன் செய்திருக்கிறாள், அப்பா வைத்துவிட்டார். இரண்டாவது பிறந்தபோது அம்மா எடுத்து ரகசியமாகப் பேசியிருக்கிறாள். அது தெரிந்து அன்று அம்மாவுக்கு அடி விழுந்திருக்கிறது. "அதுக்கப்புறந்தான் நான் பண்றதில்ல" என்றாள். சொல்லிவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். இறந்த சேதி வந்தபிறகு, அது தெரியாத நாட்களில் எடுத்த முடிவுகளை எல்லாம் நாம் மறுவிசாரணை செய்கிறோம். அப்போது அந்த முடிவுக்கு இருந்த காரணம் மறந்துபோகிறது. அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்தால் போதும், தீர்ப்பு நாம் சொல்ல வேண்டாம். அவள் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனாலும்..." என்றாள். அந்த ஆனாலும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் அன்று சொன்னாள், குரலைத் தாழ்த்தி. "இனிமே அம்மாகூடப் பேசலாம்னு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. அப்பன் செத்ததுல சந்தோஷப்படுற மக நான்." நான் பதறவில்லை. "அம்மாவ நெனச்சுத்தானே" என்றேன். இந்த நிம்மதி பலருக்கு வருகிறது, குறிப்பாக அடித்தவர், குடித்துவிட்டு மிரட்டியவர் போனபோது. யாரும் வெளியே சொல்வதில்லை. கேட்பவர் முகம் சுளிக்காமல் இருந்தாலே பாதி ஆறுதல்.

நம்மால் ஆகாத இடமும் உண்டு. மாதக்கணக்கில் தூக்கமில்லை, தன்னைத்தானே விடாமல் சபித்துக்கொள்கிறார், வேலைவெட்டி எதிலும் இறங்க முடியவில்லை, ஆறு மாதம் தாண்டியும் அப்படியே என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

அவளுக்கு அந்த அளவு போகவில்லை. அம்மாவோடு இப்போது பேச முடிகிறது, அண்ணன் வீட்டில் இல்லாத நேரத்தில். அந்தப் போஸ்டர் படம் இன்னும் அவள் போனில் இருக்கிறது. முதல் வருடத் திதியன்று காலையில் அவளுக்கு எழுதினேன். "இன்னியோட ஒரு வருஷம். எப்படி இருக்கே?" கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "கோவமா இருக்கேன். காலைலேயே தலைக்குக் குளிச்சிட்டேன். சாயங்காலம் வா."