நெருப்புக்கு நடுப்படம் எங்கே?

கையால் வரையும் அனிமேஷனில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்திக் காட்டுவது வழக்கம் என்பதால் 12 படம் போதும். அவற்றை எந்த வரிசையில் வரைவது என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன. முக்கியமான நிலைகளை முதலில் வரைந்து, இடைவெளியைப் பிறகு நடுப்படங்களால் நிரப்புவது போஸ் டு போஸ். முதல் படம், அதைப் பார்த்து இரண்டாவது, அதைப் பார்த்து மூன்றாவது என்று போய்க்கொண்டே இருப்பது ஸ்ட்ரெயிட் அஹெட். டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட நூலில், அனிமேஷனின் 12 கோட்பாடுகளில் ஒன்றாக இந்த இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள்.

தீ, கூந்தல் என்றால் ஸ்ட்ரெயிட் அஹெட் என்று புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஏன் என்று கேட்டால் பலரிடம் பதில் வராது. காரணம் நடுப்படத்தில் இருக்கிறது.

ஒரு பெண் சட்டென்று வலப்பக்கம் திரும்புகிறாள், நீளக் கூந்தல். தலை 1-ஆம் ஃபிரேமில் கிளம்பி 13-இல் நிற்கிறது. நுனி பின்தங்கி, 13-இலும் இடப்பக்கமே கிடக்கிறது. தலை நின்ற பிறகும் அது ஓடி, 21-இல் வலப்பக்கக் கோடிக்குப் போகிறது. 13-ஐயும் 21-ஐயும் வரைந்து வைத்துக்கொண்டு, நடுவே 17-ஐ அளந்து போட்டால் என்ன வரும்? ஒன்று இடப்பக்கம் வளைந்தது, மற்றது வலப்பக்கம் வளைந்தது. நேர்பாதி ஒரு நேர்க்கோடு. ஓட்டிப் பார்த்தால் கூந்தல் கார் வைப்பர் மாதிரி விறைப்பாகப் புரளும். உண்மையில் அந்த நேரத்தில் கூந்தலின் மேல்பாகம் வலப்பக்கம் வந்திருக்கும், நுனி இன்னும் இடப்பக்கமே இருக்கும். வடிவம் பாம்பு நெளிவு. முந்தைய படத்தைப் பார்த்து அடுத்ததை வரைகிறவருக்கு அந்த நெளிவு தானாக வந்துவிடும்.

அதற்காகத் தலையையும் அப்படி வரைய வேண்டியதில்லை. தலை போஸ் டு போஸ்: 1, 13, நடுவில் 7-இல் மோவாய் கொஞ்சம் தாழும். அது முடிந்து, ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு, தனித் தாளில் அல்லது தனி லேயரில் கூந்தலை 1-இலிருந்து தொடங்கலாம். வேர் தலையோடு போகும். நடுப்பாகம் ஒரு படம் தாமதமாகவும், நுனி இரண்டு படம் தாமதமாகவும் அதே வழியில் வரும். 21-இல் நுனி தொட வேண்டிய இடத்தையும் 33-இல் கூந்தல் அடங்கும் நிலையையும் முன்கூட்டியே மெல்லிய கோட்டில் குறித்துவைப்பது நல்லது. குறி இல்லாமல் போனால் இந்த முறையின் வழக்கமான நோய் தொற்றிக்கொள்ளும்: படத்துக்குப் படம் கூந்தல் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் லைட் பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் தெரிந்துவிடும். வளைந்த கூந்தலை ஸ்கேலால் அளக்க முடியாது, ஒரு நூல் துண்டு போதும்.

தீயின் சங்கடம் இன்னும் பெரிது. கூந்தலில் நுனி எப்போதும் நுனிதான். தீயில் ஒரு படத்தில் மூன்று நாக்கு இருக்கும், நான்கு படம் தள்ளி இரண்டு. எது எதுவாக மாறியது? நடுப்படம் போடுபவருக்குத் தெரியாது. அவர் மூன்றாவது நாக்கைச் சுருக்கிக் கீழே இறக்குவார். நாக்கு கீழே இறங்கினால் அது தீ இல்லை, ஆறும் மெழுகு. தீயில் எல்லாமே மேலேதான் போகும்: அடியில் ஒரு புடைப்பு கிளம்பி, ஓரத்தோடு ஏறி, உச்சியில் கழுத்து மெலிந்து, அறுந்து, இரண்டு மூன்று படங்களில் காணாமல் போகும். இதை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தொடர முடியும்.

ஆனால் திரும்பத் திரும்ப ஓட வேண்டிய விறகடுப்புத் தீ என்றால் நான் போஸ் டு போஸுக்கே போவேன். ஸ்ட்ரெயிட் அஹெட்டில் கடைசிப் படம் முதல் படத்தோடு ஒட்டாது. சுற்றின் முடிவில் ஒரு துள்ளல் தெரியும். எட்டுப் படச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் புடைப்புகளை வரைந்து, அடியிலிருந்து எண் போடுங்கள். எட்டுப் படம் கடந்து ஒன்பதாவதில் 1-ஆம் புடைப்பு 2-இன் இடத்துக்கும், 2-ஆவது 3-இன் இடத்துக்கும் வந்திருக்க வேண்டும். உச்சியில் இருந்தது அறுந்து மறைந்திருக்கும், அடியில் புதிதாக ஒன்று முளைத்திருக்கும். அப்படியானால் ஒன்பதாவது படம் முதல் படமேதான். எது எதுவாகிறது என்று இப்போது தெரிந்துவிட்டதால், பாதி வழியில் 5-ஆம் படத்தைத் தைரியமாகப் போடலாம்.

எட்டுப் படம் ஒரு விநாடிகூட ஓடாது. நாலைந்து சுற்றில் கண் அதைப் பிடித்துவிடும். அதனால் அறுந்து பறக்கும் துண்டுகளையும் பொறியையும் தனி லேயரில், பதினொரு படச் சுற்றாக வைத்துக்கொள்வது வழக்கம். 8-உம் 11-உம் 88 படங்களுக்கு ஒருமுறைதான் மறுபடி ஒன்றாகத் தொடங்கும். அது ஏழு விநாடிக்கும் மேல். பெரும்பாலான ஷாட் அதற்குள் முடிந்துவிடும்.